காமா ஸ்கால்ப்பிங்

காமா ஸ்கால்ப்பிங் என்பது ஆப்ஷன்களை வாங்கி வைத்திருப்பவர், அவற்றின் அடிப்படையான பங்கையோ குறியீட்டு பியூச்சர்ஸையோ விலை ஏறும்போது விற்றும் இறங்கும்போது வாங்கியும், சந்தையின் அலைவிலிருந்தே பணம் எடுக்கும் வணிக முறை ஆகும். இதைச் செய்பவருக்குச் சந்தை எந்தத் திசையில் போகும் என்ற கணிப்பு தேவையில்லை. எவ்வளவு அலையும் என்ற கணிப்பு மட்டும் தேவை. ஆப்ஷனை வாங்கும்போது கொடுத்த பிரீமியத்தில் ஓர் அளவு அலைவுக்கான விலை ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதைவிடக் கூடுதலாகச் சந்தை அலைந்தால் லாபம், குறைவாக அலைந்தால் நட்டம்.

பிரீமியத்திற்குள் அடங்கியிருக்கும் அலைவை உள்ளுறை ஏற்ற இறக்கம் என்றும், ஆப்ஷன் கையிலிருந்த நாட்களில் சந்தை உண்மையிலேயே காட்டிய அலைவை நிகழ்ந்த ஏற்ற இறக்கம் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. சந்தைப் பேச்சில் முன்னது இம்ப்ளைடு வாலட்டிலிட்டி அல்லது ஐ.வி., பின்னது ரியலைஸ்டு வாலட்டிலிட்டி. இரண்டுமே ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்ற கணக்கில் சொல்லப்படுகின்றன.

## டெல்டா, காமா, தீட்டா

அடிப்படை விலை ஒரு புள்ளி நகரும்போது ஆப்ஷனின் விலை எவ்வளவு நகர்கிறது என்பதே டெல்டா. நிஃப்டி 22,500 புள்ளிகளில் நிற்கும்போது 22,500 ஸ்ட்ரைக் விலையுள்ள கால் ஆப்ஷனின் டெல்டா ஏறத்தாழ 0.5. நிஃப்டி 10 புள்ளி ஏறினால் அந்தக் கால் 5 புள்ளி ஏறும். அதே ஸ்ட்ரைக்கில் உள்ள புட் ஆப்ஷனின் டெல்டா ஏறத்தாழ −0.5. நிஃப்டி ஏறினால் அது இறங்கும். இரண்டையும் சேர்த்து வாங்குவது ஸ்ட்ராடில் எனப்படும். வாங்கிய நேரத்தில் இரு டெல்டாக்களும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் ஸ்ட்ராடிலின் டெல்டா பூச்சியத்தை ஒட்டி இருக்கும்.

ஆனால் டெல்டா நிலையாக நிற்பதில்லை. நிஃப்டி ஏற ஏறக் கால் ஆப்ஷனின் டெல்டா 1-ஐ நோக்கியும், புட்டின் டெல்டா 0-ஐ நோக்கியும் நகரும். ஆகவே ஸ்ட்ராடிலின் மொத்த டெல்டா நேர்மறையாகிவிடும். நிஃப்டி இறங்கினால் இது தலைகீழாக நடக்கும். விலை ஒரு புள்ளி நகர்ந்தால் டெல்டா எவ்வளவு மாறுகிறது என்பதுதான் காமா. ஆப்ஷனை வாங்கியவருக்குக் காமா எப்போதும் நேர்மறை. அதாவது விலை ஏறும்போது அவர் கையிலுள்ள இருப்பு தானாகவே 'வாங்கிய' பக்கம் கூடுகிறது, இறங்கும்போது தானாகவே 'விற்ற' பக்கம் கூடுகிறது. சந்தை போகும் திசைக்கே இருப்பும் சாய்ந்துகொடுக்கிறது.

இந்தச் சாய்வை நேராக்குவதே டெல்டா ஹெட்ஜிங். டெல்டா +0.4 ஆகிவிட்டால் 0.4 அளவு பியூச்சர்ஸை விற்க வேண்டும். பிறகு சந்தை இறங்கி டெல்டா −0.3 ஆனால், விற்றதைத் திரும்ப வாங்கி மேலும் 0.3 வாங்க வேண்டும். ஏறிய இடத்தில் விற்று இறங்கிய இடத்தில் வாங்குவது இங்கே சாமர்த்தியத்தால் நடப்பதன்று. டெல்டாவைப் பூச்சியமாக்க வேண்டும் என்ற ஒரே விதியைப் பின்பற்றினால் அது தானாக நடக்கிறது. ஒவ்வொரு சமன்செய்தலிலும் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுப்பதால்தான் ஸ்கால்ப்பிங் என்ற பெயர்.

இதற்கு விலை தீட்டா. ஆப்ஷன் ஒவ்வொரு நாளும் தன் மதிப்பில் ஒரு பகுதியை இழக்கிறது. காமாவை வைத்திருப்பதற்கு அன்றாடம் கட்டும் வாடகை என்று இதைக் கொள்ளலாம். வாடகைக்கு எடுத்த வண்டியை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வாடகை ஓடிக்கொண்டிருப்பதைப் போல, சந்தை அசைந்தாலும் அசையாவிட்டாலும் தீட்டா கழிந்துகொண்டிருக்கும்.

## ஒரு நாளின் கணக்கு

டெல்டாவைச் சமன் செய்து வைத்தபின் விலை ΔS புள்ளி நகர்ந்தால், அந்த நகர்வினால் மட்டும் வரும் லாபம்:

`½ × Γ × (ΔS)²`

நகர்வின் வர்க்கம் இடம்பெறுவதால் ஏற்றமா இறக்கமா என்பது பொருட்டில்லை. மேலும், நகர்வு இருமடங்கானால் லாபம் நான்கு மடங்காகும். சூத்திரத்தில் அரைப்பங்கு வருவதற்குக் காரணம் எளிது. நகர்வின் தொடக்கத்தில் டெல்டா பூச்சியம், முடிவில் Γ × ΔS. வழிநெடுக இருந்த சராசரி டெல்டா அதில் பாதி.

வட்டியை ஒதுக்கிவிட்டால், ஒரு நாளின் தீட்டாவையும் இதே அச்சில் எழுதலாம்:

`½ × Γ × S² × σ² ÷ 252`

இங்கு S என்பது குறியீட்டின் விலை, σ என்பது உள்ளுறை ஏற்ற இறக்கம், 252 என்பது ஓர் ஆண்டின் வணிக நாட்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. அன்றைய நகர்வு S × σ ÷ √252 என்ற அளவைத் தாண்டினால் அந்த நாள் லாபம், தாண்டாவிட்டால் நட்டம். 252-இன் வர்க்கமூலம் 15.87. ஆகவே வணிகர்கள் உள்ளுறை ஏற்ற இறக்கத்தை 16-ஆல் வகுத்து, அன்றைக்குத் தேவையான நகர்வை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். ஐ.வி. 16 என்றால் நாளொன்றுக்கு 1 விழுக்காடு. ஐ.வி. 24 என்றால் 1.5 விழுக்காடு.

இந்தக் கணக்கின் வேர் 1973-இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. ஆப்ஷனையும் பங்கையும் உரிய விகிதத்தில் சேர்த்துத் தொடர்ந்து சமன் செய்தால் திசை சார்ந்த ஆபத்து நீங்கிவிடும் என்பதிலிருந்துதான் அவர்கள் ஆப்ஷனின் விலையையே வருவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று சிகாகோ ஆப்ஷன் சந்தை திறக்கப்பட்டது. இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி ஆப்ஷன் வணிகம் 2001 ஜூன் 4 அன்று தொடங்கியது.

## 2024 ஜூன் முதல் வாரம்

இம்முறை எப்படிப் பணம் தருகிறது, எப்படிப் பணத்தைத் தின்கிறது என்பதைக் காண 2024 ஜூன் மாதத்தின் அடுத்தடுத்த இரு வாரங்களை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். அவ்வாண்டு மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1 சனிக்கிழமை முடிந்தது. அன்று மாலை வந்த வாக்குக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்குப் பெரும் வெற்றி என்றன. திங்கட்கிழமை சந்தை பாய்ந்து ஏறியது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கையில் அந்த அளவு இடங்கள் வராததால், ஏறியதைவிட அதிகமாக இறங்கியது. அதன் பின் மூன்றே நாளில் இழந்தது முழுவதையும் மீட்டது.

மே 31 வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,531-இல் முடிந்தது. எதிர்பார்க்கப்படும் அலைவைக் காட்டும் இந்தியா விக்ஸ் குறியீடு அப்போது 24-ஐ ஒட்டி இருந்தது. தேர்தல் முடிவை முன்னிட்டு அது முன்பே ஏறிவிட்டிருந்தது. அன்று ஒருவர் ஜூன் 27 முதிர்வுடைய 22,500 ஸ்ட்ராடிலை 24 விழுக்காடு உள்ளுறை ஏற்ற இறக்கத்தில் வாங்கியதாகக் கொள்வோம். முதிர்வுக்கு 18 வணிக நாட்கள் உள்ளன. பிளாக்-ஷோல்ஸ் முறைப்படி அதன் விலை சுமார் 1,152 புள்ளிகள். காமா 0.00055. நாள் வாடகை சுமார் 32 புள்ளிகள். அந்த வாடகையை ஈடுகட்ட நிஃப்டி நாளொன்றுக்கு சுமார் 340 புள்ளிகள் நகர வேண்டும். இங்கு வரும் ஆப்ஷன் விலைகளும் டெல்டாக்களும் சூத்திரத்தால் கணக்கிட்டவை, சந்தையில் வணிகமான விலைகள் அல்ல. குறியீட்டின் முடிவு விலைகள் உண்மையானவை. பியூச்சர்ஸும் குறியீடும் ஒரே அளவு நகர்ந்ததாகவும் கொள்ளப்படுகிறது.

அவர் ஒவ்வொரு நாளும் சந்தை முடியும் நேரத்தில் மட்டும் டெல்டாவைச் சமன் செய்கிறார். டெல்டா கணக்கில் எல்லா நாளும் 24 விழுக்காட்டையே பயன்படுத்துகிறார்.

| நாள் | நிஃப்டி முடிவு | நகர்வு | அன்றைய பியூச்சர்ஸ் லாபம் | முடிவில் ஸ்ட்ராடில் டெல்டா |
|---|---|---|---|---|
| மே 31 | 22,531 | – | – | +0.04 |
| ஜூன் 3 | 23,264 | +733 | −31 | +0.43 |
| ஜூன் 4 | 21,885 | −1,379 | +592 | −0.33 |
| ஜூன் 5 | 22,620 | +735 | +244 | +0.10 |
| ஜூன் 6 | 22,821 | +201 | −19 | +0.22 |
| ஜூன் 7 | 23,290 | +469 | −103 | – |

அட்டவணையை ஒவ்வொரு வரியாகப் படிக்கும்போது முறை விளங்கும். (பின்னங்களை முழு எண்ணாக்கியதால் ஓரிரு புள்ளி வேறுபாடு வரும்.) மே 31 மாலை டெல்டா +0.04 என்பதால் 0.04 பியூச்சர்ஸ் விற்கப்பட்டது. திங்கட்கிழமை நிஃப்டி 733 புள்ளி ஏறியதால் அதில் 31 புள்ளி நட்டம். ஆனால் ஐ.வி. மாறவில்லை என்று வைத்தால் ஸ்ட்ராடில் அன்று சுமார் 145 புள்ளி ஏறியிருக்கும். நிகரம் 114. சூத்திரப்படி ½ × 0.00055 × 733² என்பது சுமார் 148. அதில் வாடகை 32-ஐக் கழித்தால் 116. விலை ஸ்ட்ரைக்கை விட்டு விலக விலகக் காமா சற்றுத் தேய்வதால்தான் இந்தச் சிறு வேறுபாடு.

திங்கள் மாலைதான் முக்கியமான தருணம். டெல்டா +0.43 ஆகிவிட்டது. விதிப்படி மொத்தம் 0.43 பியூச்சர்ஸ் விற்ற நிலையில் இருக்க வேண்டும். ஊரே ஏற்றத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த மாலையில் விற்பதற்கு மனம் எளிதில் வராது. 'நாளைக்கும் ஏறினால்?' என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்திற்கு இடம் கொடுத்து விற்காமல் விட்டவர், தாமறியாமலேயே அலைவைப் பற்றிய பந்தயத்தைத் திசையைப் பற்றிய பந்தயமாக மாற்றிவிட்டார். மறுநாள் 1,379 புள்ளி வீழ்ச்சியில், விற்றவருக்குப் பியூச்சர்ஸ் மட்டும் 592 புள்ளி தந்தது.

செவ்வாய் மாலை டெல்டா −0.33. விற்ற 0.43-ஐத் திரும்ப வாங்கி, மேலும் 0.33 வாங்கியாக வேண்டும். பீதியின் நடுவே வாங்குவதும் முந்தைய நாள் விற்றதைப் போலவே கடினம். புதன்கிழமை 735 புள்ளி மீட்சியில் அது 244 புள்ளி ஈட்டியது. வியாழனன்று நிஃப்டி 201 புள்ளிதான் நகர்ந்தது. அன்றைய வாடகைக்கு அது போதவில்லை, ஆகவே அந்த நாள் நட்டம். வெள்ளியன்று மீண்டும் சிறு லாபம்.

ஐந்து நாள் முடிவில் பியூச்சர்ஸ் கணக்கில் மொத்தம் சுமார் 680 புள்ளி லாபம். ஆனால் ஸ்ட்ராடில் என்ன ஆயிற்று? ஜூன் 7 அன்று விக்ஸ் 17-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. முடிவுகள் தெரிந்துவிட்டதால் ஆப்ஷன்களுக்கு இருந்த அச்சக் கூலி வடிந்துவிட்டது. 17 விழுக்காட்டில் கணக்கிட்டால் ஸ்ட்ராடிலின் விலை சுமார் 970. அதில் 180 புள்ளி நட்டம். இரண்டையும் சேர்த்தால் சுமார் 500 புள்ளி நிகர லாபம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அதே ஸ்ட்ராடிலை வாங்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தவரின் நிலை. பல ஆண்டுகளில் காணாத அளவு சந்தை கொந்தளித்த வாரம் அது. அப்படியிருந்தும் அவருக்கு 180 புள்ளி நட்டம்தான். மே 31-இலிருந்து ஜூன் 7 வரை நிஃப்டியின் நிகர நகர்வு சுமார் 760 புள்ளி மட்டுமே. நடுவே நடந்த ஏற்றமும் வீழ்ச்சியும் மீட்சியும் அவர் கணக்கில் பதிவாகவே இல்லை. அலைவைப் பணமாக்குவது சமன்செய்தல்தான். ஆப்ஷன் அதற்கான வாய்ப்பை மட்டுமே தருகிறது.

அந்த வாரத்தின் தினசரி நகர்வுகளை ஆண்டு அளவுக்கு மாற்றினால் நிகழ்ந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 56 விழுக்காடு. வாங்கிய விலையில் அடங்கியிருந்தது 24.

## அடுத்த வாரம்

இப்போது அதே மனிதர், வெற்றியின் சூட்டோடு, ஜூன் 7 அன்று 23,300 ஸ்ட்ராடிலை வாங்கியதாகக் கொள்வோம். முதிர்வு அதே ஜூன் 27. உள்ளுறை ஏற்ற இறக்கம் 17 விழுக்காடு. முன்பு 24-க்கு வாங்கியதை இப்போது 17-க்கு வாங்குவதால் மலிவு என்றே தோன்றும். விலை சுமார் 717 புள்ளிகள். நாள் வாடகை 28. ஈடுகட்டத் தேவையான நகர்வு சுமார் 250 புள்ளி.

நிஃப்டியின் அடுத்த ஐந்து முடிவுகள்: 23,259, 23,265, 23,323, 23,399, 23,466. அதாவது −31, +6, +58, +76, +67. ஒரு நாள்கூட 250-இன் அருகில் வரவில்லை. இந்த ஐந்து நகர்வுகளின் வர்க்கங்களைக் கூட்டி அரைக் காமாவால் பெருக்கினால் வருவது மொத்தம் ஆறு அல்லது ஏழு புள்ளி. அதே ஐந்து நாளில் வாடகையாகப் போனது சுமார் 155 புள்ளி. முதிர்வு நெருங்க நெருங்க நாள் வாடகை ஏறிக்கொண்டே போவதால் இது 28-இன் ஐந்து மடங்கைவிடச் சற்று அதிகம். இதற்குமேல் விக்ஸ் 13-ஐ ஒட்டி இறங்கியதால், அந்த வெள்ளிக்கிழமை விற்று வெளியேறினால் இன்னும் 130 புள்ளி அளவுக்குக் கூடுதல் நட்டம்.

ஐ.வி. 17 என்பது 24-ஐவிட மலிவு என்பது உண்மை. ஆனால் அதை ஒப்பிட வேண்டியது நேற்றைய ஐ.வி.யோடு அன்று, நாளை நிகழப்போகும் அலைவோடு. அந்த வாரம் நிகழ்ந்தது 4 விழுக்காடுகூட இல்லை. அந்த வகையில் 17 மிக விலை உயர்ந்த சரக்கு. முந்தைய வாரம் 24 மலிவாக இருந்தது. இந்த வகை வணிகத்தில் நுழைபவர்கள் அதிகம் சறுக்குவது இந்த ஒப்பீட்டில்தான். கடந்த வாரத்தின் பெரிய நகர்வுகள் கண்ணில் நிற்கும்போதே ஆப்ஷன் வாங்கத் தோன்றும். ஆனால் நிகழ்வு முடிந்தபின் அலைவு அடங்குவதே வழக்கம்.

குறியீட்டு ஆப்ஷன்களில் நீண்ட கால அளவில் உள்ளுறை ஏற்ற இறக்கம் நிகழ்ந்த ஏற்ற இறக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே இருந்துவருகிறது என்பது பல நாட்டுச் சந்தைகளில் கண்டறியப்பட்ட ஒன்று. வீழ்ச்சிக்கு எதிரான காப்பீடாக ஆப்ஷனை வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருப்பதும், விற்பவர் பெரும் இழப்புக்கு அஞ்சி அதைக் கேட்பதும் இதற்குக் காரணங்கள். எனவே எல்லா நாளும் ஸ்ட்ராடில் வாங்கி எந்திரம் போலச் சமன் செய்துகொண்டிருப்பவர் சராசரியில் இழப்பவர் பக்கம் இருக்கிறார். பல சிறு நட்டங்களும், எப்போதாவது ஜூன் 4 போன்ற ஒரு நாளும் என்பதே இவ்வணிகத்தின் வழக்கமான முகம். ஆப்ஷன் விற்று டெல்டாவைச் சமன் செய்பவரின் கணக்கு இதன் நேர் எதிர்ப்படம்.

## எப்போது சமன் செய்வது

மேலே காட்டிய கணக்கில் நாளுக்கு ஒரு முறை சமன் செய்யப்பட்டது. அது ஒரு தேர்வு மட்டுமே. ஜூன் 4 அன்று நிஃப்டி பகல்நேரத்தில் 21,281 வரை இறங்கி, பிறகு 21,885-இல் முடிந்தது. அடிமட்டத்தில் டெல்டா ஏறத்தாழ −0.62 ஆகியிருக்கும். அங்கே ஒருமுறை சமன் செய்திருந்தால் பியூச்சர்ஸ் லாபம் 592-க்குப் பதில் 1,220 புள்ளியைத் தாண்டியிருக்கும். அடிமட்டம் அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது என்பதால் இதைச் செய்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் சமன்செய்யும் இடைவெளி, ஒருவர் 'அறுவடை' செய்யும் ஏற்ற இறக்கத்தையே மாற்றிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது. முடிவு விலைகளில் மட்டும் வணிகம் செய்பவருக்குப் பகல்நேர அலைவு கிடைக்காது.

மறுபக்கமும் உண்டு. நாள் முழுதும் ஒரே திசையில் போகும் சந்தையில் அடிக்கடி சமன் செய்பவர் பெரிய நகர்வைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறார். 300 புள்ளி நகர்வை ஒரே துண்டாக வைத்தால் வர்க்கம் 90,000. மூன்று 100-களாக நறுக்கினால் 30,000 மட்டுமே. ஊசலாடும் சந்தையில் அடிக்கடியும், ஒரே திசையில் ஓடும் சந்தையில் அரிதாகவும் சமன் செய்வது நல்லது. ஆனால் இன்று எந்த வகை என்பது மாலையில்தான் தெரியும். ஆகவே நடைமுறையில் பலர் நேரத்தை வைத்து அல்லாமல் டெல்டாவை வைத்து எல்லை வகுத்துக்கொள்கிறார்கள். மொத்த டெல்டா 0.10-ஐத் தாண்டும்போது சமன் செய்வது என்பது அத்தகைய ஓர் எல்லை. காமா 0.00055 உள்ள ஸ்ட்ராடிலில் அது ஏறத்தாழ 180 புள்ளிக்கு ஒரு முறை வரும். நீண்ட ஓட்டத்தில் எந்த இடைவெளியை எடுத்தாலும் சராசரி லாபம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது ஒவ்வொரு முறையும் முடிவு எவ்வளவு சிதறுகிறது என்பதும் செலவும்தான்.

## லாட், செலவு, முதிர்வு

இம்முறையைச் சிறு அளவில் செய்ய முயல்பவர் முதலில் மோதும் சுவர் லாட். நிஃப்டி பியூச்சர்ஸும் ஆப்ஷனும் ஒரே லாட் அளவு கொண்டவை. ஒரு லாட் ஸ்ட்ராடில் வைத்திருப்பவருக்கு டெல்டா +0.43 ஆனால் 0.43 லாட் பியூச்சர்ஸ் விற்க வழியில்லை. விற்றால் முழு லாட், இல்லையேல் ஒன்றுமில்லை. முழு லாட் விற்றால் டெல்டா −0.57 ஆகி, முன்பைவிடக் கோணலாகிவிடும். டெல்டாவை 0.1 படிகளிலாவது சரிசெய்ய வேண்டுமானால் குறைந்தது 10 லாட் ஸ்ட்ராடில் தேவை. அதற்கான பிரீமியமும் பியூச்சர்ஸுக்கான மார்ஜினும் சிறு முதலீட்டாளரின் கைக்கு எட்டும் தொகையன்று.

பியூச்சர்ஸ் விற்பனை ஒவ்வொன்றுக்கும் பங்கு பரிவர்த்தனை வரி உண்டு. 2024 அக்டோபர் 1 அன்று அது ஒப்பந்த மதிப்பில் 0.0125 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மேற்கண்ட முதல் வாரத்தில் விற்ற பியூச்சர்ஸ் அளவு, முடிவில் எல்லாவற்றையும் தீர்ப்பதையும் சேர்த்து, ஒரு ஸ்ட்ராடிலுக்கு ஏறத்தாழ 0.98. உயர்த்திய வீதத்தில்கூட வரி ஆறு புள்ளிக்குள்தான். 500 புள்ளி லாபத்தில் அது பெரிதன்று. ஆனால் 30 புள்ளிக்கு ஒரு முறை சமன் செய்பவருக்கு இதே வரியும் தரகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் சேர்ந்து, ஒவ்வொரு துண்டு லாபத்தையும் விழுங்கிவிடும். அதிகம் வணிகமாகாத தனிப் பங்கு ஆப்ஷன்களில் ஸ்ட்ராடிலை வாங்கி விற்கும் இடைவெளியே பல நாள் வாடகைக்குச் சமமாகிவிடுவதுண்டு.

இன்னொன்று, காமா ஸ்ட்ரைக் விலையின் அருகில்தான் செறிந்திருக்கிறது. அந்த ஜூன் 27 முதிர்வு நாளன்று நிஃப்டி 24,000-ஐத் தாண்டி முடிந்தது. மே 31 அன்று வாங்கிய 22,500 ஸ்ட்ராடிலைக் கடைசி வரை வைத்திருந்தவருக்குக் கடைசி நாட்களில் காமா என்று சொல்ல ஏதும் மிஞ்சியிருக்காது. கால் ஆப்ஷன் கிட்டத்தட்ட பியூச்சர்ஸாகவே மாறியிருக்கும், புட் செத்திருக்கும். அப்போது சந்தை எவ்வளவு அலைந்தாலும் பயனில்லை. எனவே மொத்த மாதத்தின் நிகழ்ந்த ஏற்ற இறக்கம் உள்ளுறையைவிட அதிகம் என்பதே லாபத்திற்கு உறுதியன்று. அலைவு, காமா இருந்த நாட்களில், காமா இருந்த விலையில் நடந்திருக்க வேண்டும். இதனால்தான் விலை வெகுதூரம் நகர்ந்தவுடன் பழைய ஸ்ட்ராடிலை விற்றுப் புதிய ஸ்ட்ரைக்கில் வாங்குவோர் உண்டு. அது மீண்டும் அன்றைய ஐ.வி.யை விலையாகக் கொடுப்பதாகும்.

இவ்வணிகத்தைச் சரியாகச் செய்கிறோமா என்பதை மொத்த லாப நட்டம் சொல்லாது. ஒவ்வொரு மாலையும் மூன்று எண்களைத் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும்: நகர்வினால் வந்த காமா லாபம், கழிந்த தீட்டா, ஐ.வி. மாறியதால் வந்த ஏற்றம் அல்லது இறக்கம். முதல் வாரத்தில் முதல் இரண்டும் சேர்ந்து சுமார் +720, மூன்றாவது சுமார் −220. முதிர்வு வரை வைத்திருந்தால் மூன்றாவது எண் தானே கரைந்து, முதல் இரண்டின் சண்டை மட்டுமே மிஞ்சும். இடையில் விற்பவருக்கு மூன்றும் உண்டு. இம்மூன்றின் கூட்டுத்தொகை உண்மையான கணக்கோடு பொருந்தவில்லை என்றால், சமன் செய்யாமல் விட்ட டெல்டா எங்கோ இருக்கிறது என்று பொருள்.